தனி விகிதமா, கூட்டு விகிதமா: இரண்டு விடையும் ஒத்துப்போகாதபோது எங்கே பார்ப்பது

வடசென்னையில் ஒரு வாரத்துக்கு எத்தனை 20 லிட்டர் தண்ணீர் கேன்கள் வீடுகளுக்கு இறங்குகின்றன என்று கணக்கிட வேண்டியிருப்பதாக வைத்துக்கொள்வோம். எல்லாத் தெருக்களுக்கும் போக முடியாது. சில தெருக்களைக் கூறாக எடுத்து, அங்கே இறங்கும் கேன்களை எண்ணலாம். ஒவ்வொரு தெருவிலும் எத்தனை வீடுகள் என்ற பழைய பட்டியல் ஒன்று கையில் இருக்கிறது. கேன்களின் எண்ணிக்கை y, வீடுகளின் எண்ணிக்கை x. வீடு கூடினால் கேனும் கூடும் என்பதால், வீட்டுக்கு இத்தனை கேன் என்ற விகிதத்தைக் கூறிலிருந்து எடுத்து, பட்டியலில் உள்ள மொத்த வீடுகளால் பெருக்குவதே விகித மதிப்பீடு.

தெருக்களை அடுக்குகளாகப் பிரித்துவிட்டால் இதைச் செய்ய இரண்டு வழிகள் உண்டு. ஒவ்வொரு அடுக்குக்கும் அதனதன் விகிதத்தைக் கண்டு, அந்தந்த அடுக்கின் வீட்டு மொத்தத்தால் பெருக்கிக் கூட்டுவது தனி விகித மதிப்பீடு. ஒவ்வொரு அடுக்கின் கூறுச் சராசரியையும் அந்த அடுக்கின் தெரு எண்ணிக்கையால் பெருக்கி விரித்து, எல்லாவற்றையும் முதலில் கூட்டி, ஒரே விகிதம் கண்டு, ஒட்டுமொத்த வீட்டு எண்ணிக்கையால் பெருக்குவது கூட்டு விகித மதிப்பீடு. கீழே h என்பது அடுக்கு, N_h அதிலுள்ள தெருக்கள், X_h பட்டியலின்படி அதிலுள்ள வீடுகள், X எல்லா அடுக்குகளின் வீட்டு மொத்தம், ȳ_h, x̄_h கூறில் தெருவுக்குக் கிடைத்த சராசரிகள்.

```
தனி:    Y_S = Σ r_h · X_h          r_h = ȳ_h / x̄_h
கூட்டு:  Y_C = r · X                r = Σ N_h ȳ_h / Σ N_h x̄_h
```

கீழே வரும் எண்கள் யாவும் விளக்கத்துக்காக நானே வைத்துக்கொண்டவை. அடுக்குகள் மூன்று: காசிமேடு, இராயபுரம் பக்கத்துக் கடலோரத் தெருக்கள் 40, பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கத்து ஓட்டு வீட்டுத் தெருக்கள் 100, பெரம்பூர்ப் பக்கத்து அடுக்குமாடித் தெருக்கள் 60. பட்டியலின்படி இவற்றில் உள்ள வீடுகள் முறையே 3,200, 5,000, 3,600, மொத்தம் 11,800. பத்தில் ஒரு பங்காக 4, 10, 6 தெருக்களைக் கூறாக எடுத்தோம்.

அறிகுறி 1: இரண்டு விடைகளும் கணிசமாக விலகி நிற்கின்றன

கூறில் கிடைத்த சராசரிகள் இவை. கடலோரத்தில் தெருவுக்கு 95 வீடுகள், 76 கேன்கள். ஓட்டு வீட்டுத் தெருக்களில் 48 வீடுகள், 72 கேன்கள். அடுக்குமாடித் தெருக்களில் 55 வீடுகள், 143 கேன்கள். ஆகவே வீட்டுக்கு 0.8, 1.5, 2.6 கேன்கள். கடலோரத்தில் லாரித் தண்ணீரைக் குடங்களில் பிடித்து வைக்கும் வீடுகள் அதிகம் என்றும், அடுக்குமாடிகளில் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரைக் குடிக்க முடியாததால் கேனையே நம்பியிருக்கிறார்கள் என்றும் கொண்டால், விகிதங்களுக்கு இடையே இத்தனை இடைவெளி இருப்பதில் வியப்பில்லை.

தனி மதிப்பீடு: 0.8 × 3,200, 1.5 × 5,000, 2.6 × 3,600 ஆகியவற்றைக் கூட்டினால் 19,420. கூட்டு மதிப்பீட்டுக்கு, கேன்களை விரித்தால் 18,820 வருகிறது, வீடுகளை விரித்தால் 11,900 வருகிறது, விகிதம் 1.5815, அதை 11,800ஆல் பெருக்க 18,662. இரண்டுக்கும் இடையே 758 கேன்கள், அதாவது 4 சதவீதம். "அண்ணே, ஒரே டேட்டா, ரெண்டு விடை வருது, எதை எழுதறது?" என்று கணக்குப் போடும் தம்பி கேட்கும் இடம் இதுதான். பெரும்பாலானோர் இங்கே சூத்திரத்தை மீண்டும் சரிபார்க்கத் தொடங்குவார்கள். அதற்குமுன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு.

வித்தியாசத்தை அடுக்கு வாரியாகப் பிரித்துவிடலாம். தோராயமாக அல்ல, கீழே உள்ளது எந்தக் கூறுக்கும் அப்படியே பொருந்தும் சமன்பாடு:

```
Y_S − Y_C = Σ (r_h − r) · (X_h − x̂_h)        x̂_h = N_h x̄_h
```

முதல் அடைப்புக்குறியில் இருப்பது, அடுக்கின் விகிதம் பொது விகிதத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பது. இரண்டாவதில் இருப்பது, பட்டியல் சொல்லும் வீடுகளுக்கும் கூறை விரித்தால் வரும் வீடுகளுக்கும் உள்ள இடைவெளி. இரண்டும் ஒரே அடுக்கில் சேர்ந்து பெரிதாக இருந்தால்தான் விடைகள் விலகும். ஏதேனும் ஒன்று பூச்சியத்தை ஒட்டி இருந்தால் அந்த அடுக்குக்கு இந்த வழக்கில் வேலையில்லை.

நம் கணக்கில் கடலோர அடுக்கை விரித்தால் 3,800 வீடுகள், பட்டியலில் 3,200தான். இடைவெளி −600, விகித விலகல் −0.7815, பெருக்கினால் +468.9. ஓட்டு வீட்டுத் தெருக்களில் இடைவெளி +200 இருந்தும் விகிதம் பொது விகிதத்தை ஒட்டியே இருப்பதால் −16.3 மட்டும். அடுக்குமாடியில் இடைவெளி +300, விலகல் 1.0185, பெருக்கினால் +305.5. கூட்டினால் 758 சரியாக வந்துவிடுகிறது.

இப்போது நடந்தது என்ன என்று தெளிவாகிறது. கேன் குறைவாக வாங்கும் கடலோரத்தில் தற்செயலாகப் பெரிய தெருக்கள் கூறில் விழுந்துவிட்டன. கேன் அதிகம் வாங்கும் அடுக்குமாடிப் பகுதியில் சிறிய தெருக்கள் விழுந்துவிட்டன. மொத்தத்தில் ஒன்று மற்றொன்றை ஏறக்குறைய ஈடுகட்டி 11,900 என்று நிற்பதால், கூட்டு மதிப்பீட்டின் கண்ணுக்கு எல்லாம் ஒழுங்காகவே தெரிகிறது. அது வெறும் 158 கேன்களைக் குறைத்துவிட்டு நின்றுவிடுகிறது. தனி மதிப்பீடு ஒவ்வொரு அடுக்கிலும் உள்ள ஏற்றத்தாழ்வை அந்தந்த இடத்திலேயே திருத்துகிறது.

ஆனால் அந்த −600 உண்மையிலேயே தற்செயல்தானா என்பதைப் பார்க்காமல் தனி மதிப்பீட்டைக் கையில் எடுக்கக் கூடாது. கடலோரத்தின் நான்கு தெருக்களில் வீடுகள் 70, 90, 100, 120. இவற்றின் திட்ட விலக்கம் 20.8, நான்கு தெருக்கள், பத்தில் ஒரு பங்கு கூறு என்ற திருத்தத்தோடு சராசரியின் திட்டப்பிழை 9.87, 40 தெருக்களுக்கு விரித்தால் 395. ஆக 600 என்பது ஒன்றரைத் திட்டப்பிழை. கூறெடுப்பில் சாதாரணமாக நேரக்கூடியதே. இது மூன்று, நான்கு திட்டப்பிழைகளாக இருந்தால் சந்தேகம் பட்டியலின்மேல் போக வேண்டும். அதை மூன்றாம் அறிகுறியில் பார்ப்போம்.

அறிகுறி 2: கூட்டு மதிப்பீட்டின் திட்டப்பிழை பூதாகரமாக வருகிறது

இரண்டில் எது துல்லியமானது என்று பார்க்கத் திட்டப்பிழைகளை ஒப்பிடுவோம். ஒவ்வொரு தெருவுக்கும் எச்சத்தைக் கணக்கிட வேண்டும்: தனி மதிப்பீட்டுக்கு y − r_h x, கூட்டு மதிப்பீட்டுக்கு y − r x. பிறகு அந்த எச்சங்களின் பரவலை அடுக்குக்குள் அளக்க வேண்டும். அடிக்கடி நேரும் பிழை இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

கடலோரத் தெருக்களில் கேன்கள் 60, 70, 78, 96. தனி விகிதம் 0.8ஐ வைத்தால் எச்சங்கள் 4, −2, −2, 0, கூட்டினால் பூச்சியம். கூட்டு விகிதம் 1.5815ஐ வைத்தால் எச்சங்கள் −50.7, −72.3, −80.2, −93.8, சராசரி −74.2. கூட்டு மதிப்பீட்டில் எச்சங்கள் எல்லா அடுக்குகளையும் விரித்துக் கூட்டும்போதுதான் பூச்சியமாகும். ஓர் அடுக்குக்குள் ஆகாது. ஆகவே எச்சங்களை அப்படியே வர்க்கப்படுத்திக் கூட்டாமல், அடுக்கின் சராசரியைக் கழித்துவிட்டே வர்க்கப்படுத்த வேண்டும். தனி மதிப்பீட்டுக்கு எழுதிய நிரலைப் படியெடுத்து r_h என்ற இடத்தில் r என்று மட்டும் மாற்றுகிறவர்கள் இதை மறந்துவிடுவார்கள், ஏனெனில் அங்கே சராசரி எப்படியும் பூச்சியம்தான்.

கழிக்காமல் போட்டால் இந்த அடுக்கின் திட்டப்பிழை 1,662 கேன்கள் என்று வரும். கழித்துப் போட்டால் 342. ஏறக்குறைய ஐந்து மடங்கு வித்தியாசம்! கூட்டு மதிப்பீட்டை இந்தப் பொய்யான காரணத்துக்காகத் தள்ளிவைத்த அறிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன். நானே ஒருமுறை அப்படி எழுதிக் கொடுத்து, பிறகு திருத்தி வாங்கியதும் உண்டு.

சரியான 342ஐ வைத்தே பார்த்தாலும் இந்த அடுக்கில் கூட்டு விகிதம் தோற்கிறது. தனி விகிதத்தின் திட்டப்பிழை 54. வீட்டுப் பட்டியலையே பயன்படுத்தாமல் 76ஐ 40ஆல் பெருக்கிவிட்டுப் போயிருந்தால்கூடத் திட்டப்பிழை 289தான். துணைத் தகவலைச் சேர்த்ததால் இங்கே நிலைமை மோசமாகியிருக்கிறது. காரணம் எளிது: கடலோரத்தில் ஒரு வீடு கூடினால் சுமார் 0.72 கேன்களே கூடுகின்றன, ஆனால் நாம் வீட்டுக்கு 1.58 கேன்கள் என்று திருத்துகிறோம். நாம் திணிக்கும் விகிதம் அடுக்கின் உண்மையான சாய்வைப் போல இரு மடங்கைத் தாண்டிவிட்டால், அந்த அடுக்கில் விகிதத் திருத்தம் நன்மையைவிடத் தீமையே அதிகம் செய்யும். அடுக்குகளின் விகிதங்கள் வெகுவாக மாறுபடும்போது தனி மதிப்பீட்டை நாடச் சொல்வதற்கு முழுக் காரணம் இதுதான்.

அறிகுறி 3: ஒன்றையொன்று ஒட்டிய இரண்டு அடுக்குகளில் வீட்டு இடைவெளி பெரிதாக, எதிரெதிர்த் திசையில் நிற்கிறது

முதல் அறிகுறியில் கண்ட X_h − x̂_h ஓர் அடுக்கில் −900, பக்கத்து அடுக்கில் +850 என்று இருந்து, இரண்டுமே தத்தம் திட்டப்பிழையைப் போல மூன்று மடங்குக்கு மேல் இருந்தால், கூறைக் குறை சொல்லாமல் எல்லைக்கோட்டைப் பாருங்கள். பட்டியல் ஒரு காலத்து வார்டு எல்லையின்படியும், களப்பணியாளர் தெருவைச் சேர்த்த அடுக்கு வேறொரு காலத்து எல்லையின்படியும் இருக்கக்கூடும்.

இந்தப் பகுதியில் இது கற்பனை ஆபத்து அல்ல. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011 பிப்ரவரியில் நடந்தது. அதே ஆண்டு அக்டோபரில் மாநகராட்சி விரிவாக்கப்பட்டு, 155 வார்டுகள் இருந்த இடத்தில் 200 வார்டுகள் வந்தன. அதுவரை தனி நகராட்சிகளாக இருந்த திருவொற்றியூர், மணலி, மாதவரம் ஆகியவை மாநகராட்சியின் மண்டலங்களாயின. ஆகவே பழைய எண்ணிக்கையைப் புதிய வார்டு எண்ணோடு ஒட்டினால், எண் பொருந்தும், நிலம் பொருந்தாது.

இங்கே கூட்டு மதிப்பீட்டுக்கு உள்ள பலம் தெரிகிறது. ஒரு தெரு இந்த அடுக்கிலிருந்து அந்த அடுக்குக்கு இடம் மாறினாலும் ஒட்டுமொத்த X மாறுவதில்லை; கூட்டு மதிப்பீட்டுக்குத் தேவை அது ஒன்றே. தனி மதிப்பீடோ ஒவ்வொரு X_h-ஐயும் வேதவாக்காக எடுத்துக்கொண்டு, தவறான எண்ணை நோக்கி விடையை இழுத்துச் செல்லும். அதன் திட்டப்பிழை அப்போதும் சிறிதாகவே தெரியும் என்பதுதான் வேதனை. எல்லையைத் தெருத்தெருவாகச் சரிசெய்ய முடிந்தால் செய்துவிட்டுத் தனி மதிப்பீட்டைத் தொடரலாம். முடியாதென்றால் கூட்டு மதிப்பீடுதான். அடுக்கு வாரியான X_h கையில் இல்லவே இல்லை, மொத்தம் மட்டும் இருக்கிறது என்றாலும் அதுவே.

கணினியிலும் இதன் தம்பி ஒருவன் உண்டு. ஆர் மொழியின் `survey` தொகுப்பில் தனி மதிப்பீட்டுக்கு அடுக்கு மொத்தங்களை நாம்தான் கொடுக்க வேண்டும். கீழே `des` என்பது முன்பே அமைத்துவைத்த கூறெடுப்பு வடிவமைப்பு:

```
sep <- svyratio(~can, ~veedu, des, separate = TRUE)
com <- svyratio(~can, ~veedu, des)
tot <- list(kadal = 3200, odu = 5000, maadi = 3600)
predict(sep, total = tot)
predict(com, total = sum(unlist(tot)))
```

மொத்தங்களை அடுக்குப் பெயரோடு, தரவில் உள்ள அதே எழுத்துக்களில் கொடுங்கள். இரண்டு அடுக்குகளின் மொத்தங்கள் இடம் மாறிவிட்டால் கூட்டு விடையில் ஒரு மாற்றமும் இராது. தனி விடை மட்டும் தவறும். முதல் அறிகுறியின் பெருக்கல் அட்டவணையைப் போட்டால் அந்த இடமாற்றம் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

அறிகுறி 4: அடுக்குகள் பல, ஒவ்வொன்றிலும் கூறு சிறிது, தனி மதிப்பீடு எப்போதும் ஒரே பக்கம் சாய்கிறது

விகிதம் என்பது இரண்டு கூறுச் சராசரிகளின் வகுத்தல் என்பதால், அதில் சிறிது பிறழ்ச்சி எப்போதும் இருக்கும். கூறு பெரிதானால் அது விரைவாகக் கரையும். சிக்கல், அடுக்குகள் பலவாகி ஒவ்வொன்றிலும் மூன்று, நான்கு தெருக்களே இருக்கும்போது வருகிறது.

பிறழ்ச்சி எந்தத் திசையில் போகும் என்பதை முன்கூட்டியே ஊகிக்கலாம். தெருமுனையில் ஒரு டீக்கடையும் ஒரு மெஸ்ஸும் இருந்து, அவை வாங்கும் கேன்களையும் நம் கணக்கு சேர்த்துக்கொள்கிறது என்றால், வீடுகள் குறைவாக உள்ள தெருவிலும் சில கேன்கள் நிச்சயம் இறங்கும். அதாவது y-க்கும் x-க்கும் உள்ள கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போகாமல் சற்று மேலே வெட்டும். அப்படிப்பட்ட இடத்தில் r_h சராசரியாக உண்மையைவிடச் சற்று மேலே நிற்கும். எல்லா அடுக்குகளிலும் டீக்கடை உண்டு என்பதால், எல்லா அடுக்குகளிலும் பிறழ்ச்சி ஒரே பக்கம். ஒரே பக்கப் பிறழ்ச்சிகள் அப்படியே கூடிக்கொண்டே போகும்; திட்டப்பிழைகளோ வர்க்கமூல வேகத்தில்தான் கூடும்.

அளவு தெரிய ஒரு மேல்வரம்பு இருக்கிறது. ஓர் அடுக்கில் விகிதத்தின் பிறழ்ச்சி, அதன் திட்டப்பிழையோடு ஒப்பிட்டால், x̄_h-இன் மாறுபாட்டுக் கெழுவைத் தாண்டாது. கடலோரத்தில் அது 9.87-ஐ 95-ஆல் வகுக்க 0.104. அடுக்குகள் ஏறத்தாழ ஒரே மாதிரியாக இருந்தால் தனி மதிப்பீட்டுக்கான வரம்பு, இதை அடுக்குகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் பெருக்கியது. மூன்று அடுக்குகளுக்கு 0.18. இது கவலைப்பட வேண்டிய அளவன்று. வார்டையே அடுக்காக வைத்து 36 அடுக்குகள், ஒவ்வொன்றிலும் நான்கு தெருக்கள் என்று போயிருந்தால் 0.62. பிறழ்ச்சி உண்மையிலேயே அந்த வரம்பை எட்டினால், 95 சதவீதம் என்று நாம் அச்சிடும் நம்பிக்கை இடைவெளி 90 சதவீதத்தை ஒட்டித்தான் உண்மையைப் பிடிக்கும். கூட்டு மதிப்பீட்டில் வரம்பு, எல்லா அடுக்குகளையும் சேர்த்து விரித்த x̂-இன் மாறுபாட்டுக் கெழு மட்டுமே. கூறு முழுவதும் ஒன்றாக உழைப்பதால் அது மிகச் சிறியது.

வரம்பு என்பது வரம்புதான். உண்மையான அளவைக் கூறிலிருந்தே மதிப்பிடத் தெருக்களை ஒவ்வொன்றாக விட்டுப் பார்க்கலாம். கடலோரத்தில் முதல் தெருவை விட்டால் 244-ஐ 310-ஆல் வகுக்க 0.7871, அடுத்தடுத்து விட 0.8069, 0.8071, 0.8000. சராசரி 0.8003. இதிலிருந்து 0.8-ஐக் கழித்து மூன்றால் பெருக்கினால் பிறழ்ச்சி சுமார் 0.0009, 3,200 வீடுகளுக்கு 3 கேன்கள். 54 என்ற திட்டப்பிழைக்கு முன் இது ஒரு பொருட்டே அல்ல. மற்ற அடுக்குகளிலும் இப்படியே கண்டு, குறியோடு கூட்ட வேண்டும். குறிகள் கலந்திருந்தால் நிம்மதி, எல்லாம் ஒரே குறியாக இருந்தால் கூட்டுத்தொகையை மொத்தத் திட்டப்பிழையோடு ஒப்பிட வேண்டும். பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் நான் விட்டுவிடுவேன்.

இதே அறிகுறியின் முற்றிய நிலை, ஓர் அடுக்கின் கூறில் எல்லா x-உம் பூச்சியமாக வந்து விடை `Inf` என்று நிற்பது. பட்டியலுக்குப் பின் உருவான புதுத் தெருக்கள் மட்டும் விழுந்த அடுக்கு அது. கூட்டு மதிப்பீட்டில் இது நேராது.

அறிகுறி 5: விகிதங்கள் மாறுபடுகின்றன, ஆனால் கூறும் சிறிது

தனி மதிப்பீட்டை இரண்டாம் அறிகுறி கேட்கிறது, கூட்டு மதிப்பீட்டை நான்காம் அறிகுறி கேட்கிறது என்ற இழுபறி இது. 36 வார்டுகளையும் கடலோரம், ஓட்டு வீடு, அடுக்குமாடி என்று மூன்று தொகுதிகளாக்கி, தொகுதிக்குள் கூட்டு விகிதமும் தொகுதிகளுக்கிடையே தனி விகிதமும் வைத்தால் இரண்டு பக்கமும் சமாளிக்கப்படும். தொகுதிக்குள் விகிதங்கள் ஒத்திருப்பதால் கூட்டு விகிதம் கெடுதல் செய்யாது. தொகுதிக்குச் சராசரியாக 48 தெருக்கள் சேர்வதால் பிறழ்ச்சியும் கரைந்துவிடும். தேவைப்படும் X-களும் மூன்றே, அதனால் தொகுதிக்குள் வார்டு எல்லை நகர்ந்திருந்தாலும் பாதகமில்லை.

இதில் ஒரு கட்டுப்பாட்டை நான் விடாப்பிடியாக வைத்திருக்கிறேன். தொகுதிகளைக் களத்துக்குப் போகுமுன் தெருக்களின் தன்மையை வைத்துப் பிரிக்க வேண்டும். கூறில் கிடைத்த r_h-களைப் பார்த்து, ஒத்திருப்பவற்றை ஒட்டக் கூடாது. நான்கு தெருக்களிலிருந்து வந்த விகிதங்கள் தற்செயலாகவே மேலும் கீழும் ஆடும். அந்த ஆட்டத்தையே தொகுதியாக்கிவிட்டால் எச்சங்கள் செயற்கையாகச் சுருங்கி, திட்டப்பிழை உண்மையைவிடக் குறைவாக வரும். இரண்டு விடைகளையும் பார்த்துவிட்டு, கேட்டவருக்குப் பிடித்த எண்ணைத் தரும் முறையைத் தேர்ந்தெடுப்பதும் இதே குற்றம்தான். முறையைத் திட்ட ஆவணத்தில் முதலிலேயே எழுதிவிட்டு, மற்ற விடையையும் முதல் அறிகுறியின் அட்டவணையையும் பின்னிணைப்பில் போட்டுவிடுவது என் வழக்கம். நம் மூன்றடுக்குக் கணக்கில் எழுதப்படுவது 19,420. பின்னிணைப்பில் 18,662-உம், அந்த 758 கேன்கள் எந்தெந்த அடுக்குகளிலிருந்து வந்தன என்பதும் இருக்கும்.